எல்.இ.டி. எரிகிறது, கவுன்டர் நகரவில்லை

பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உறவுக்காரப் பெண் போன மாதம் ஒரு பிரெட்போர்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மாமா, எல்.இ.டி. அழகா மின்னுது. ஆனா கவுன்டர் நகரவே மாட்டேங்குது. எல்.இ.டி.யைப் பிடுங்கிட்டா கவுன்டர் ஓடுது. ரெண்டுக்கும் என்ன சண்டைன்னே புரியல" என்றாள்.

அவளுடைய சுற்று எளிமையானது. 74LS04 என்ற ஐ.சி.யில் ஆறு இன்வெர்ட்டர் கேட்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் அவுட்புட்டிலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பு கிளம்பி, 74HC குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கவுன்டரின் கிளாக் காலுக்குப் போகிறது. துடிப்பு வருகிறதா என்று கண்ணால் பார்க்க, அதே அவுட்புட்டிலிருந்து தரைக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி.யை நேராகச் செருகியிருந்தாள். ரெசிஸ்டர் இல்லை. "அது இல்லாமலே நல்லா எரியுதே" என்பது அவள் வாதம்.

மல்டிமீட்டரை எடுத்து, எல்.இ.டி. எரியும் நேரத்தில் அந்தக் காலை அளந்தோம். 1.9 வோல்ட். எல்.இ.டி.யைக் கழற்றியபின் 3.4 வோல்ட். கோளாறு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் இருந்தது.

எல்.இ.டி. ஒரு டயோடு. சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 1.8 வோல்ட் வரும்வரை கரண்டை உள்ளே விடாது. வந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் இழுத்துக்கொள்ளும். தன் மேல் விழும் மின்னழுத்தத்தை மட்டும் 1.8க்கும் 2க்கும் இடையில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கேட்டின் அவுட்புட்டையும் தரையையும் வெறும் எல்.இ.டி.யால் இணைத்தால், அவுட்புட் 1.9 வோல்ட்டைத் தாண்ட முடியாது. 5 வோல்ட்டில் ஓடும் 74HC கவுன்டருக்கு 'ஹை' என்று உறுதியாகத் தெரிய 3.5 வோல்ட் வேண்டும், நடைமுறையில் 2.5 வோல்ட்டை ஒட்டித்தான் அது முடிவை மாற்றிக்கொள்கிறது. 1.9 அதற்கு எப்போதும் 'லோ'தான். எல்.இ.டி. மின்னியது உண்மை. கவுன்டரைப் பொறுத்தவரை எந்தத் துடிப்பும் வரவில்லை என்பதும் உண்மை.

எல்.இ.டி. ஏன் கருகவில்லை என்பது அடுத்த கேள்வி. LS கேட்டின் அவுட்புட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. மேல் பக்கம் அவுட்புட்டை 5 வோல்ட்டோடு இணைக்கிறது, கீழ்ப் பக்கம் தரையோடு. மேல் பக்கத்துக்கு முன்னால் 120 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை ஐ.சி.க்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவள் போடாத ரெசிஸ்டரின் வேலையை அதுதான் செய்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வழியில் 15 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடியது. டேட்டாஷீட்டில் அந்தப் பக்கத்துக்கு உறுதி கூறப்பட்டிருப்பது வெறும் 0.4 மில்லி ஆம்பியர்.

அந்த 0.4 என்ற எண்ணில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் எல்.இ.டி.யை எந்தப் பக்கம் கட்டுவது என்ற முடிவே அதிலிருந்துதான் வருகிறது. அதே டேட்டாஷீட்டில், அவுட்புட் 'லோ'வாக இருக்கும்போது 8 மில்லி ஆம்பியர் வரை உள்வாங்கும் என்று போட்டிருக்கும். கொடுப்பது 0.4, வாங்குவது 8. இருபது மடங்கு வித்தியாசம். முதன்முறை பார்ப்பவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

காரணம் அடுத்த கேட்டின் இன்புட்டில் இருக்கிறது. LS இன்புட் ஒன்றை 'லோ'வாக்க வேண்டுமென்றால், அதிலிருந்து வெளியே வழியும் 0.4 மில்லி ஆம்பியரை யாராவது வாங்கித் தரைக்கு அனுப்ப வேண்டும். அதை 'ஹை'யாக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய எதுவுமே தேவையில்லை. 20 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால் போதும், அதாவது 0.02 மில்லி ஆம்பியர். ஓர் அவுட்புட் இருபது இன்புட்டுகளைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. இருபதால் பெருக்கினால் வாங்குவதற்கு 8, கொடுப்பதற்கு 0.4. கீழ்ப் பக்கத்துக்கு உழைப்பு அதிகம் என்பதால் அதை வலுவாகச் செய்தார்கள். மேல் பக்கத்துக்குப் பெரிய வேலை இல்லாததால் ரெசிஸ்டரோடு சேர்த்து மெலிவாக விட்டார்கள். எல்.இ.டி.யை மனத்தில் வைத்து யாரும் இந்த அவுட்புட்டை வடிவமைக்கவில்லை. ஆனால் எல்.இ.டி. கட்ட வரும் நாம், வலுவுள்ள பக்கம் எதுவோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே LS கேட்டில் எல்.இ.டி.யைத் தரைக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே வைக்காமல், 5 வோல்ட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். கரண்ட் 5 வோல்ட்டிலிருந்து கிளம்பி, ரெசிஸ்டர் வழியாக, எல்.இ.டி. வழியாக வந்து, கேட்டின் காலில் நுழைந்து தரைக்குப் போகும். இதைத்தான் சிங்க் என்கிறோம். கேட்டே கரண்டை வெளியே தள்ளுவது சோர்ஸ். சிங்க் முறையில் எல்.இ.டி.யின் நீளக் கால் 5 வோல்ட் பக்கம், குட்டைக் கால் கேட்டின் பக்கம். ரெசிஸ்டர் எல்.இ.டி.க்கு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒன்றுதான். ஒரே வரிசையில் ஓடும் ஒரே கரண்ட்.

இப்போது ரெசிஸ்டரின் மதிப்பு. 5 வோல்ட்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்.இ.டி. தன் பங்காக ஏறக்குறைய 1.9 எடுத்துக்கொள்ளும். கேட்டின் கீழ்ப் பக்கம் முழுத் தரையாக இருக்காது. கரண்டை வாங்கும்போது அதன் மேல் 0.4 வோல்ட் வரை நிற்கும். மீதி எல்லாம் ரெசிஸ்டருக்கு. அந்த மீதியை நமக்கு வேண்டிய கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டர் கிடைக்கும்.

```
R = (VCC - VF - VOL) / I
R = (5 - 1.9 - 0.4) / 0.006 = 450
```

VCC என்பது சப்ளை, VF எல்.இ.டி.யின் பங்கு, VOL கேட்டின் பங்கு. கரண்டாக 6 மில்லி ஆம்பியரை எடுத்தேன். 450 ஓம் கடையில் கிடைக்காது. அதற்கு அடுத்த பெரிய மதிப்பு 470. மஞ்சள், ஊதா, பழுப்பு, கடைசியில் தங்கக் கோடு. அதைப் போட்டால் ஓடுவது 5.7 மில்லி ஆம்பியர். எப்போதும் மேல்நோக்கியே நகர வேண்டும். ரெசிஸ்டர் கூடினால் வெளிச்சம் ஒரு துளி குறையும், குறைந்தால் கேட்டுக்குச் சுமை கூடும்.

உறுதி 8 வரை இருக்கும்போது ஏன் 6 என்று அவள் கேட்டாள். 8க்கே கணக்குப் போட்டால் 338 ஓம் வரும், 330 கைக்குக் கிடைக்கும், காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சப்ளை 5.25 வோல்ட்டாக இருக்கலாம், எல்.இ.டி. 1.8 மட்டும் எடுக்கலாம், ரெசிஸ்டர் ஐந்து சதவீதம் குறைவாக இருக்கலாம். எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் 330இல் கரண்ட் 8ஐத் தாண்டிவிடும். 470இல் இதே மோசமான நிலையிலும் 7ஐ ஒட்டித்தான் நிற்கும். தவிர, இன்றைய எல்.இ.டி.க்கள் 2 மில்லி ஆம்பியரிலேயே மேசை விளக்கடியில் தெளிவாகத் தெரிகின்றன. 20 மில்லி ஆம்பியர் என்று பழைய பாடப்புத்தகங்களில் பார்த்த எண்ணை அடையாள விளக்குக்குப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எல்.இ.டி. கட்டிய அவுட்புட்டே வேறு கேட்களையும் ஓட்ட வேண்டுமானால் மிச்சத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 8இல் 5.7 போனால் 2.3 மீதி. ஓர் LS இன்புட்டுக்கு 0.4 வீதம் ஐந்து இன்புட்டுகளைத் தாங்கலாம், இருபதை அல்ல.

அதே 470 ஓமை சோர்ஸ் முறையில் வைத்துப் பார்த்தோம். எல்.இ.டி. எரிந்தது, ஆனால் பாதியளவு கரண்டில். மூன்று, மூன்றரை மில்லி ஆம்பியர்தான் ஓடும். மேல் பக்கம் 5 வோல்ட்டை முழுசாகத் தருவதில்லை, உள்ளேயே ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தொலைந்துவிடுகிறது. அவள் மேசையில் அது வேலை செய்தது உண்மைதான். ஆனால் 0.4க்கு மேல் போனபின் அவுட்புட் எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்பதற்கு டேட்டாஷீட்டில் யாரும் பொறுப்பேற்கவில்லை. வேறொரு ஐ.சி.யைச் செருகினால் வெளிச்சம் மாறலாம், பின்னால் உள்ள கேட் குழம்பலாம். நீல எல்.இ.டி. என்றால் இன்னும் மோசம். அதன் பங்கு மட்டுமே 3 வோல்ட் என்பதால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது அரை வோல்ட்கூட இல்லை. சிங்க் முறையில் அதே நீல எல்.இ.டி., அதே 470 ஓமில் 3.4 மில்லி ஆம்பியரில் பளிச்சென்று எரியும்.

74HC கேட்களில் இந்தப் பாகுபாடு இல்லை. அங்கே இரண்டு பக்கங்களும் ஏறக்குறைய சம வலுவுள்ளவை. டேட்டாஷீட் 4 மில்லி ஆம்பியருக்கு இரு திசையிலும் உறுதி தருகிறது. 680 ஓம் போட்டு எந்தப் பக்கமும் கட்டலாம். ஒரே எச்சரிக்கை, ஒரு காலுக்கு 25 மில்லி ஆம்பியர் உச்ச வரம்பு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஆறு கேட்களிலும் பத்து பத்தாக இழுக்கக் கூடாது. ஐ.சி.யின் சப்ளைக் காலும் தரைக் காலும் மொத்தமாகத் தாங்குவது 50தான். அதுவும் அழியாமல் இருப்பதற்கான எல்லை, வேலை செய்வதற்கான அளவு அல்ல.

இவள் வகுப்பில் பயன்படுத்தும் 8051 மைக்ரோகன்ட்ரோலரும் LS பக்கம்தான் சேரும். அதன் போர்ட் கால்கள் 'ஹை'யில் கொடுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில். அவற்றிலிருந்து தரைக்கு எல்.இ.டி. கட்டிவிட்டு, புரோகிராமில் பிழை தேடி ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

சிங்க் முறையில் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம், அவுட்புட் 'லோ' ஆகும்போதுதான் விளக்கு எரிகிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. துடிப்பு 'ஹை'யாக இருக்கும்போதே எரிய வேண்டும் என்றாள். 74LS04இல் சும்மா கிடந்த இன்வெர்ட்டர் ஒன்றை எடுத்தோம். துடிப்பை அதன் இன்புட்டுக்குக் கொடுத்து, அதன் அவுட்புட்டில் 470 ஓமோடு எல்.இ.டி.யை சிங்க் முறையில் கட்டினோம். துடிப்பு 'ஹை'யானால் இன்வெர்ட்டர் 'லோ'வாகும், விளக்கு எரியும். கவுன்டருக்குப் போகும் கம்பியில் இப்போது எல்.இ.டி.யின் சுமை துளியும் இல்லை.

மறுபடி அளந்தாள். கவுன்டரின் கிளாக் காலில் 3.4 வோல்ட். எல்.இ.டி. எரியும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே 2.8. அதை 470ஆல் வகுத்து, ஆறு மில்லி ஆம்பியர் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்குக் கீழேயே கவுன்டரின் கிளாக் காலைப் பற்றியும் ஒரு வரி: LS அவுட்புட் 'ஹை'யில் உறுதி தருவது 2.7 மட்டுமே, 74HC கேட்பது 3.5; அடுத்த முறை கவுன்டரை 74HCTயில் வாங்க வேண்டும், அதற்கு 2 வோல்ட் போதும்.