நான்கு சந்திப்புகள், இரண்டு ஒலிகள்

ரத்த அழுத்தம் 120/80 என்று எழுதிய சீட்டோடு நிம்மதியாக வெளியே வருபவர்கள், அந்த 80 எங்கே அளக்கப்பட்டது என்று யோசிப்பதில்லை. அது கைத் தமனியின் அழுத்தம். அதே நேரத்தில் இதயத்தின் இடது கீழறைக்குள் ஒரு மானியை வைத்திருந்தால் அது 80 காட்டாது. பத்துக்கும் கீழேதான் காட்டும். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிற அறை, ஒவ்வொரு துடிப்பிலும் ஒருமுறை கிட்டத்தட்டப் பூஜ்யம் வரை இறங்கி ஏறுகிறது. அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனியோ 80-க்குக் கீழே இறங்குவதில்லை.

இடையில் அயோர்டிக் வால்வு இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. கீழறை தளர்ந்ததும் அது மூடிக்கொள்கிறது. பெருந்தமனிக்குள் போன ரத்தம் திரும்பி வர வழியில்லை. கீழறைக்கு முந்தைய வாசலில், அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், மைட்ரல் வால்வு இருக்கிறது. இந்த இரண்டையும் திறக்கவோ மூடவோ தனியாக ஒரு கட்டளை வருவதில்லை. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வைப் போல, எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறதோ அதற்கேற்ப அசைகின்றன, அவ்வளவே.

ஆகவே மேலறை, கீழறை, பெருந்தமனி மூன்றின் அழுத்தத்தையும் ஒரே தாளில் மூன்று கோடுகளாக வரைந்தால், வால்வுகள் எப்போது அசைந்தன என்று தனியாக எழுத வேண்டியதில்லை. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். 1861-இலேயே பிரான்ஸில் ஷோவோ, மாரே என்ற இருவர் உயிருள்ள குதிரையின் இதயத்துக்குள் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்தி அழுத்தத்தைப் பதிவு செய்திருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய கார்ல் விக்கர்ஸ், அழுத்தக் கோடுகளையும் இதய ஒலிகளையும் நேர வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டினார். முதலாண்டு மருத்துவ மாணவர்களை இன்றும் விழிபிதுங்க வைப்பது அவர் பெயரால் வழங்கும் இந்தப் படம்தான். மனப்பாடம் செய்ய முயன்றால் தலை சுற்றும். நான்கு சந்திப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டால் படம் தானாகவே விரியும்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. கீழறையில் சுமார் 120 மில்லி ரத்தம் நிரம்பியிருக்கிறது. மேலறையிலும் கீழறையிலும் அழுத்தம் ஏறத்தாழ 10. கீழறை சுருங்கத் தொடங்குகிறது. அதன் கோடு மேலறையின் கோட்டைத் தாண்டிய உடனே மைட்ரல் வால்வு மூடுகிறது. இது முதல் சந்திப்பு. ஸ்டெதஸ்கோப்பில் ‘லப்’ என்று கேட்கும் முதல் ஒலி இங்கேதான் பிறக்கிறது.

அடுத்து வரும் 0.05 நொடிதான் இந்தப் படத்திலேயே விசித்திரமான பகுதி. மைட்ரல் மூடியாயிற்று, அயோர்டிக் இன்னும் திறக்கவில்லை. நான்கு பக்கமும் அடைபட்ட அறைக்குள் தசை இறுகிக்கொண்டே போகிறது. அழுத்தம் 10-இலிருந்து 80 வரை செங்குத்தாக ஏறுகிறது, ஆனால் ஒரு சொட்டு ரத்தம்கூட நகர்வதில்லை. 80-ஐத் தாண்டியதும் கீழறையின் கோடு பெருந்தமனியின் கோட்டை வெட்டுகிறது. அயோர்டிக் வால்வு திறக்கிறது. இரண்டாவது சந்திப்பு இது. ஆரோக்கியமான இதயத்தில் இதற்குச் சத்தம் கிடையாது. சீட்டில் எழுதியிருந்த 80, கிட்டத்தட்ட இந்தக் கணத்துக்குரிய எண்.

பிறகு இரண்டு கோடுகளும் ஒட்டினாற்போல 120 வரை ஏறி இறங்குகின்றன. கால் நொடியில் 70 மில்லி ரத்தம் வெளியேறுகிறது. 50 மில்லி உள்ளேயே தங்கிவிடுகிறது. கீழறை தளரத் தொடங்கியதும் அதன் கோடு பெருந்தமனியின் கோட்டுக்குக் கீழே விழுகிறது, அயோர்டிக் வால்வு மூடுகிறது. மூன்றாவது சந்திப்பு, ‘டப்’ என்ற இரண்டாவது ஒலி. பெருந்தமனியின் கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கும். இங்கே ஒரு நுணுக்கம்: கோடுகள் வெட்டிய அதே கணத்தில் வால்வு மூடிவிடுவதில்லை. வேகமெடுத்து ஓடுகிற ரத்தம், எதிரே அழுத்தம் சற்றுக் கூடிய பிறகும் சிறிது நேரம் முன்னோக்கியே போகிறது. அதன் ஓட்டம் நின்று திரும்ப முயலும்போதுதான் இதழ்கள் சேர்கின்றன. நாம் கேட்பதும் இதழ்கள் கைதட்டுவதுபோல் மோதிக்கொள்ளும் சத்தம் அல்ல. ஓடிய ரத்தம் திடீரெனத் தடைபட, இதழ்களும் சுவர்களும் ரத்தமும் சேர்ந்து அதிர்வதுதான்.

கீழறை மறுபடி அடைபட்ட அறையாகிறது. அழுத்தம் 100-இலிருந்து சரசரவென்று இறங்குகிறது. மேலறையின் அழுத்தத்துக்கும் கீழே போனதும் மைட்ரல் வால்வு திறந்து, காத்திருந்த ரத்தம் கீழே பாய்கிறது. இது நான்காவது சந்திப்பு. இதற்கும் சத்தம் இல்லை. நிரம்பும் நேரம் முழுக்க மேலறைக் கோடும் கீழறைக் கோடும் அநேகமாக ஒன்றாகவே ஓடும். கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி, மிச்சத்தையும் தள்ளிவிடும்.

ஆரோக்கியமான இதயத்தில் நான்காவது சந்திப்பு ஓசையில்லாமல் கடந்துபோகும். அங்கே சத்தம் கேட்டால் மருத்துவரின் காது விடைத்துக்கொள்ளும்.

சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வின் இதழ்களை ஓரங்களில் ஒட்டவைத்துவிடுவது உண்டு. இயல்பாக 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வாசல், 1 சதுர செ.மீ. அளவுக்குச் சுருங்கிப்போகிறது. அதன் வழியே ரத்தத்தைத் தள்ள மேலறை அழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். நிரம்பும் நேரத்தில் ஒன்றாக ஓடிய இரண்டு கோடுகள் இப்போது பிரிந்து நிற்கின்றன. நடுவே ஓர் இடைவெளி. நோயின் அளவுகோல் அந்த இடைவெளிதான்.

மேலறைக் கோடு உயர்ந்துவிட்டால் சந்திப்புகளின் நேரமும் மாறும். கீழறையின் அழுத்தம் இறங்கும்போது, 10-இல் சந்திக்க வேண்டியதை 25-இலேயே சந்தித்துவிடுகிறது. அதனால் மைட்ரல் வால்வு சீக்கிரமே திறக்கிறது. ஒட்டிப்போன, ஆனால் இன்னும் வளையும் இதழ்கள் பாதி வழியில் சடக்கென்று இழுத்துப் பிடிக்கப்பட, ‘டப்’புக்குப் பின்னால் ஒரு சொடுக்கு கேட்கிறது. ‘டப்’புக்கும் சொடுக்குக்கும் இடையில் 0.11 நொடி இருந்தால் அடைப்பு பெரும்பாலும் லேசானது, 0.06 நொடி என்றால் கடுமையானது. மேலறை அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, இரண்டும் அவ்வளவு நெருங்கிவரும். முதல் ஒலியும் பலக்கிறது. கீழறையின் கோடு உயர்ந்துவிட்ட மேலறைக் கோட்டைத் தாண்டும்போது, அது ஏற்கெனவே செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. அதுவரை அகலத் திறந்திருந்த இதழ்கள் அந்த வேகத்தில் அறைந்து சாத்தப்படுகின்றன.

ஒரு காதையும் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் வைத்து மேலறையின் அழுத்தத்தை மதிப்பிட முடிகிறது என்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இதழ்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டால் சொடுக்கும் மறைந்துவிடும், முதல் ஒலியும் மங்கிவிடும். சத்தம் குறைந்ததை நோய் குறைந்ததாக எடுத்துக்கொண்டால் ஆபத்து.

இந்த இடைவெளியைக் கணக்காக்கியவர்கள் ஒரு மகனும் தந்தையும். இதய மருத்துவர் ரிச்சர்ட் கோர்லினும் பொறியாளரான அவருடைய தந்தையும் 1951-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதன் சாரம் இது: குறுகிய வாசலில் ரத்தம் பாயும் வேகம் இரண்டு மடங்கானால், அழுத்த இடைவெளி நான்கு மடங்காகும்.

அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாசல் 1 சதுர செ.மீ. உள்ள ஒரு பெண். அவருடைய இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது, துடிப்பு 75. ஒரு துடிப்பில் நிரம்பக் கிடைக்கும் நேரம் 0.45 நொடி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 34 நொடி. அந்த 34 நொடிக்குள் 5 லிட்டரும் கடந்தாக வேண்டும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 150 மில்லி. கோர்லின் கணக்கின்படி இடைவெளி சுமார் 15. கீழறையில் 5 இருந்தால் மேலறையில் 20. அவர் வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டு ஓரளவு நன்றாகவே இருப்பார்.

இப்போது காய்ச்சலோ பதற்றமோ, துடிப்பு 120-க்கு ஏறுகிறது. ஒரு துடிப்புக்கு 0.5 நொடிதான். ரத்தத்தை வெளியே தள்ளும் நேரம் கொஞ்சம்தான் குறையும்; வெட்டு பெரும்பாலும் நிரம்பும் நேரத்தின் மேல் விழும். துடிப்புக்கு 0.2 நொடி, நிமிடத்துக்கு 24 நொடி. அதே 5 லிட்டர் கடக்க நொடிக்கு 210 மில்லி தேவை. இடைவெளி 30-ஆகிறது, மேலறை 35-ஐத் தொடுகிறது. மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்குள்ள நுண்குழாய்களில் அழுத்தம் 25-ஐத் தாண்டினாலே நீர் கசியத் தொடங்கும். வால்வு நேற்றிருந்தபடியேதான் இருக்கிறது; துடிப்பு கூடிய ஒரே காரணத்தால் அவர் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுகிறார். இதயத் துடிப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரை இவருக்கு நிவாரணம் தருவதும் இதே கணக்கால்தான். கர்ப்பத்தில் துடிப்பும் கூடுகிறது, நிமிடத்துக்கு அனுப்பவேண்டிய ரத்தமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதுவரை தெரியாமல் இருந்த மைட்ரல் அடைப்பு முதன்முறையாகக் கர்ப்ப காலத்தில் வெளிப்படுவது அதனால்தான்.

கேத் லேபில் இந்தக் கோடுகளை நேரடியாகவே திரையில் பார்க்கிறார்கள். இடது மேலறைக்குள் போவது எளிதல்ல. அதனால் பல நேரம் நுரையீரல் தமனியின் ஒரு கிளையைச் சிறு பலூனால் அடைத்து, அதற்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மேலறையின் அழுத்தமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த அலை நுரையீரலைத் தாண்டி வருவதால் தாமதமாகவும் கூர்மை மழுங்கியும் வரும். கோட்டை அந்த அளவு பின்னுக்கு நகர்த்திப் பொருத்தாவிட்டால், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரியும். அடைப்பு நிஜத்தைவிடக் கடுமையாகத் தோன்றும்.

1984-இல் ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே, மார்பைத் திறக்காமல் பலூனால் இந்த வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். 1 சதுர செ.மீ. வாசல் 2 ஆனால், அதே கோர்லின் கணக்கின்படி 15-ஆக இருந்த இடைவெளி 4-க்குக் கீழே வந்துவிடும். சிகிச்சை மேசையிலேயே, பிரிந்து நின்ற இரண்டு கோடுகளும் சேருவதைத் திரையில் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும், தேவைப்பட்டால், இதைச் செய்கிறார்கள். சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்த பெண் ஒருவர் கர்ப்பத்தில் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்றாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலோ, வயிறு பெரிதானதால் என்று விட்டுவிடாமல் பழைய காய்ச்சலை மருத்துவரிடம் சொல்லி ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள்.