படத்தைப் பார்த்து வாங்குறீங்களா? குழவியைப் பாருங்க!



மாவு, மசாலா தொழில் தொடங்கும் குழுக்கள் சில, கடைக்காரர் போனில் அனுப்பும் படத்தைப் பார்த்தே சாமான் வாங்குகிறார்கள். படத்தில் அளவு தெரியாது. ஒரு சாண் கல்லும் ஒரு முழக் கல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் முதலில் குழவியைப் பாருங்க.

ஆட்டுக்கல்: குழவி குண்டாக இருக்கும். அடிப்பக்கம் உருண்டையாக, குழியை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு நிற்கும். இந்தக் குழவியைத் தூக்குவதில்லை, சுற்றுகிறோம். அரிசியும் உளுந்தும் குழவிக்கும் குழிக்கும் நடுவில் சிக்கி அரைபடும். தண்ணீர் விட்டு ஆட்டும் இட்லி மாவு, வடை மாவுக்கு ஏற்றது.

இடிகல்: குழவி ஒல்லியாக, ஒரு கையில் பிடிக்கும்படி இருக்கும். குழியில் பாதிக்கு மேல் இடம் காலியாகத் தெரியும். தூக்கி இடிக்க அந்த இடம் வேணுமில்லையா? மிளகு, சீரகம், ஏலக்காய், இஞ்சி, பூண்டு தட்டுவதற்கு இது. இதில் மாவு ஆட்ட வராது. ஒல்லிக் குழவி குழியின் சுவரை ஒட்டி உரசாது; தண்ணீர் விட்டு இடித்தால் வெளியே தெறிக்கும்.

கிரைண்டர்: வெளியே மோட்டார், வயர். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாமல் போகலாம். அப்போது பாத்திரத்துக்கு உள்ளே பாருங்க. சுற்றிலும் எவர்சில்வர் சுவர், நடுவில் பெரிய கல் ஒன்றோ, உருளைக் கல் இரண்டு மூன்றோ இருக்கும். பிளேடு இருந்தால் அது மிக்சி. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், அடிக்கல் அசையாது. கிரைண்டரில் பாத்திரமே அடிக்கல்லோடு சுற்றும். மாவு அரைக்கத்தான் இது. காய்ந்த மிளகாய், மல்லியைத் தண்ணீர் இல்லாமல் இதில் போடக் கூடாது. அதற்கு மசாலா மில் இருக்கிறது.

ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ‘கல் உரல்’ என்று ஒரு படம் வந்தது. விலை குறைவு என்று ஆட்டுக்கல்லாக நினைத்துப் பணம் கட்டினார்கள். வந்தது ஒரு சாண் இடிகல்! பிறகு படத்தை மறுபடி பார்த்தோம். குழவி ஒல்லியாக, குழியின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. ஆட்டுக்கல் குழவி அப்படிச் சாய்ந்து கிடக்காது, குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நாலு பூண்டுப் பல் வேறு இருந்தது. ஒவ்வொரு பல்லும் குழியில் கால்வாசி அகலம்! இதிலேயே அளவு தெரிந்திருக்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் மூன்று கேளுங்க:

1. பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்து எடுத்த படம்.
2. குழவியை வெளியே எடுத்து வைத்த படம்.
3. கல் என்றால் எத்தனை கிலோ, கிரைண்டர் என்றால் எத்தனை லிட்டர்.

இடிகல்லை ஒருவரே தூக்கிவிடலாம். மாவு ஆட்டும் கல்லை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். எடையைக் கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.