மரத்தூளைப் பார்த்தே பூச்சியை அறியலாம்

விட்டத்திலும் கட்டிலிலும் துளை தெரிந்தால் உடனே மருந்து தேட வேண்டாம். முதலில் கீழே விழுந்த தூளை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள்.

புதுச்சேரி நகரின் பழைய தமிழர் வீதி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே நெருக்கமாகப் பதித்த தேக்கு விட்டங்களின் மேல் தளம். நம் கிராமத்து ஓட்டு வீட்டுக்கும் இதே பாடம்தான்.

தாழ்வாரத்து விட்டத்தின் அடியில் விரல் நுழையும் அளவு வட்டத் துளை இருக்கிறது. கீழே கிடக்கும் தூள் ரவைபோல் நறநறக்கிறது. இது கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீயின் வேலை. இது மரத்தைத் தின்பதில்லை. முட்டையிடத் துளைத்துத் தூளை வெளியே தள்ளுகிறது. முருங்கை, துவரைப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும் இதுதான். எனவே கொல்ல வேண்டாம். வண்டுகள் வெளியேறிய பின் துளையில் மரக்குச்சியை இறுக்கி அடைத்து, மேலே வண்ணம் பூசுங்கள். வண்ணம் பூசிய மரத்தை இது அதிகம் நாடாது. வேலியோரம் காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி வைத்தால் அங்கே குடியேறலாம்.

உள்ளே மாமரக் கட்டிலில் குண்டூசித் தலை அளவுத் துளைகள். தூள் மைதாபோல் வழவழப்பு. இது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. இதன் புழு மாவுச்சத்துள்ள வெண்மரத்தையே தின்னும். வைரம் பாய்ந்த தேக்கில் இதற்கு உணவில்லை. அதனால் தேக்கு விட்டத்தில் ஓரத்து வெண்மரம் மட்டும் உளுத்திருக்கும்.

தூள் கசகசாபோல் மணிமணியாக இருந்தால் அது மரத்தூளே அல்ல, மரத்துக்குள் வாழும் கறையானின் எச்சம்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா? தூளைக் கூட்டிவிட்டு, இருக்கும் துளைகளை மெழுகால் அடையுங்கள். அடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். தூள் மட்டும் விழுந்தால் முடிவு செய்யாதீர்கள். நடமாட்ட அதிர்விலும் பழைய தூள் உதிரும். சில மாதங்களில் மெழுகில்லாத புதுத் துளை தெரிந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது.

உளுக்கும் வண்டுக்கு, வண்ணத்தைச் சுரண்டிய வெறும் மரத்தில், 1 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஆறியதும் இரண்டு மூன்று முறை பூசுங்கள். கையுறை அவசியம்; குழந்தைகள், கால்நடைகள் அருகில் வேண்டாம். வண்ணத்தின் மேல் பூசினால் உள்ளே இறங்காது. மழை படும் மரத்தில் கரைந்து போய்விடும்.

கடைசியாக, விட்டம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான். நுனி எளிதாக இறங்கினால் பூச்சு எதுவும் உதவாது. உடனே முட்டுக் கொடுத்து, தச்சரை அழையுங்கள்.