ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: கவுண்டரில் எதற்குப் பணம் கட்டுகிறோம்?

ஐஸ்லாந்தின் கெப்லாவிக் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கப் போனால், சாவி கைக்கு வருவதற்கு முன் ஒரு விலைப்பட்டியல் வரும். சூப்பர் சி.டி.டபிள்யூ., கிராவல், சேண்ட் அண்ட் ஆஷ் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தினக்கட்டணம். விமானத்தில் தூங்காமல் வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்கள். சிலர் எல்லாமே பணம் பிடுங்கும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

அங்கே சி.டி.டபிள்யூ. என்கிற கொலிஷன் டேமேஜ் வேவர் பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். கார் அடிபட்டால் முழுச் செலவையும் உங்களிடம் வசூலிக்க மாட்டோம், ஒரு தொகைவரைக்கும்தான் கேட்போம் என்று கம்பெனி தரும் உறுதி அது. அந்தத் தொகைக்கு எக்ஸஸ் என்று பெயர். இதில் பலர் கவனிக்காத விஷயம், எக்ஸஸுக்குள் அடங்கும் செலவு முழுக்க உங்களுடையது என்பதுதான்.

ஒரு கணக்குக்கு, எக்ஸஸ் 3,50,000 குரோனா என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங்கில் தூணில் இடித்து 2,00,000 செலவு வந்தால் அத்தனையும் நீங்கள் கட்ட வேண்டும். 6,00,000 ஆனால்தான் சி.டி.டபிள்யூ. கைகொடுக்கும், அப்போதும் 3,50,000 உங்கள் தலையில். சூப்பர் சி.டி.டபிள்யூ. நாளுக்கு 2,500 வீதம் 10 நாளைக்கு 25,000 கட்டி எக்ஸஸை 90,000-க்கு இறக்கியிருந்தால், அதே தூண் கணக்கில் 90,000-தான் போகும். எக்ஸஸ் பொதுவாக ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சூப்பர் என்ற பெயரை நம்பி, எல்லாச் சேதமும் இதில் அடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது தொகையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சாதாரண சி.டி.டபிள்யூ. எதைத் தொடாதோ, அதை இதுவும் பெரும்பாலும் தொடாது. அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, இது தொகையைக் குறைக்கிறதா, விட்டுப்போன சேதத்தைச் சேர்க்கிறதா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிராவல் காப்பு, எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் ஜல்லியால் கண்ணாடி, ஹெட்லைட், பெயின்ட் பழுதாவதற்கானது. கண்ணாடி மாற்றும் செலவு பெரிய எக்ஸஸைத் தாண்டாது. ஆகவே வெறும் சி.டி.டபிள்யூ. வைத்திருப்பவருக்கு அங்கே ஒரு காசு மிச்சமில்லை. தார் முடிந்து ஜல்லி தொடங்கும் கிளைச்சாலைகளில் போகிறவர்கள் இதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

மணல், சாம்பல் காப்பு இன்னும் முக்கியமானது. தென்கரையில் வீக் ஊருக்குக் கிழக்கே மிர்தால்சாந்தூர் என்ற கருமணல் வெளி இருக்கிறது. காற்று வேகமெடுத்தால் அந்த மணல் காரின் பெயின்ட்டை உரித்து, கண்ணாடியைச் சொரசொரப்பாக்கிவிடும். 2010-இல் எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலை கக்கிய சாம்பலும் காற்றோடு சேர்ந்தால் இப்படித்தான். இந்தச் சேதத்தைப் பல கம்பெனிகள் சி.டி.டபிள்யூ.விலிருந்து அடியோடு நீக்கிவிடுகின்றன. நீக்கிவிட்டால் எக்ஸஸ் என்ற உச்சவரம்பே கிடையாது; கார் முழுக்கப் பெயின்ட் அடிக்கும் பில் அப்படியே உங்களிடம் வரும். ரெய்க்யாவிக்கைச் சுற்றி இரண்டு நாள் ஓட்டுகிறவருக்கு இது தேவையில்லை. தென்கரை முழுக்கப் போகிறவர் வாங்கலாம், வாங்கினாலும் vedur.is தளத்தில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு சேதத்துக்குக் கவுண்டரில் பெரும்பாலும் மருந்தே கிடையாது. கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக வளைத்துவிடும். கீல் நெளியும், மட்கார்டு நசுங்கும். இதை ஓட்டியவரின் கவனக்குறைவு என்றே எழுதுகிறார்கள். காரின் மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, கதவை விளிம்போடு பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக இறங்குவதுதான் வழி. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போவதும், காரின் அடிப்பகுதி பாறையில் இடிப்பதும் இதே கணக்கில்தான் பெரும்பாலும் சேரும். எஃப் என்று தொடங்கும் மலைச்சாலைகளில் நால்சக்கர இயக்கம் இல்லாத காரை ஓட்டினாலோ ஒப்பந்தமே மீறப்பட்டதாகிவிடும். வாங்கிய காப்பு எதுவும் நிற்காது.

ஊரிலிருந்தே வேறு நிறுவனத்திடம் எக்ஸஸ் காப்பீடு வாங்குவோரும் உண்டு. கவுண்டர் விலையைவிட அது வழக்கமாக மலிவு. சில பாலிசிகள் டயர், அடிப்பகுதி வரைக்கும் தருகின்றன. ஆனால் சேதத்துக்கான பணத்தை முதலில் நீங்கள் கட்டி, சேத அறிக்கை, பில், பணம் கட்டிய ரசீது மூன்றையும் அனுப்பிய பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். கார் கம்பெனிக்கு அந்தப் பாலிசியோடு சம்பந்தமில்லை. அதனால் டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை, சில இடங்களில் எக்ஸஸ் முழுவதையுமே, உங்கள் கிரெடிட் கார்டில் முடக்கிவைப்பார்கள். கார்டில் அவ்வளவு லிமிட் இல்லாமல் போய் நின்றால், கவுண்டர் காப்பை வாங்கு, இல்லையென்றால் கார் கிடையாது என்ற நிலை வந்துவிடும்.