4,600 பீஸ் எப்படி வந்தது?

அம்பத்தூர், ஓசூர், கோவை என்று பவர் பிரஸ் ஓடும் பட்டறைகள் பலவற்றில் ஆபரேட்டரின் மதிப்பு ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது: ஷிப்டுக்கு எத்தனை பீஸ். தகட்டை டையில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும். அப்போதுதான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் டைக்குள் போகாது என்பதுதான் அந்த ஏற்பாடு. தகட்டை வைக்கவும் எடுக்கவும் இடுக்கி உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ, டை மாற்றுவது போக 400 நிமிடம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 24,000 விநாடி. இடுக்கியால் வைத்து, இரு கையால் அழுத்தி, எடுத்துப் போட ஒரு பீஸுக்கு 6 விநாடி ஆனால் 4,000 பீஸ் வரும். ஒருவர் 3,900 தருகிறார். இன்னொருவர் 4,600. அவருக்கு ஒரு பீஸுக்கு 5.2 விநாடிதான் ஆகியிருக்கிறது. மிச்சமான அந்த முக்கால் விநாடி எங்கிருந்து வந்தது? கைத்திறனாக இருக்கலாம். ஆனால் இடுக்கியை ஓரம் வைத்துவிட்டு வெறுங்கையை டைக்குள் விட்டாலும், ஒரு பட்டனைத் துணியால் கட்டிவிட்டாலும் இதே முக்கால் விநாடி கிடைக்கும். போய்ப் பார்க்காமல் 4,600-க்கு இன்க்ரிமென்ட் கொடுத்தால், கட்டிய பட்டனுக்குக் கூலி கொடுத்ததாகவும் ஆகலாம்.

'இந்த வருடம் விபத்தே இல்லை' என்று மதிப்பெண் போடுவதும் ஏமாற்றும். பட்டனைக் கட்டியவருக்கும் பல மாதம் ஒன்றும் ஆகாமல் போகலாம். விபத்துக்கு மதிப்பெண் குறையும் என்று தெரிந்தால், நசுங்கிய நகத்தைக் கட்டுப்போட்டு மறைப்பார்கள். அதனால் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுத வேண்டும்: ஷிப்ட் தொடக்கத்தில் ஒரே பட்டனை அழுத்தி, பிரஸ் இறங்கவில்லை என்று சோதித்தாரா? சிக்கிய பீஸை எடுக்கும் முன் மெஷினை நிறுத்தினாரா? பட்டன் பழுது என்று தானே வந்து சொன்னாரா? அப்படிச் சொன்னதற்கு மதிப்பெண் கூட வேண்டும், நிறுத்திய நேரத்தை அவருடைய இலக்கிலிருந்து கழிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

உற்பத்திக்கு 60, பாதுகாப்புக்கு 40 என்று கூட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதிகப் பீஸ் எடுத்தவர் அந்த 40-ஐ ஈடுகட்டிவிடுவார். முதலில் பாதுகாப்பில் தேற வேண்டும், பிறகுதான் பீஸ் கணக்கு.

நிர்வாகமே 4,600-ஐ இலக்காக வைத்திருந்தால் குறை ஆபரேட்டர் மேல் இல்லை. இலக்கைத் திருத்தாமல் அவரை மதிப்பிடுவது அநியாயம்.

சூப்பர்வைசர்களே, மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திடுமுன் மாதக் கடைசியில், இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் சொல்லாமல் போய் அந்த மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள்.