பின்தங்கியவர் ஏன் முந்திக்கொண்டு "டபுள்" கேட்கிறார்?

பேக்கமனில் ஆளுக்கு 15 காய்கள். பகடை உருட்டி, காய்களைச் சுற்றிக் கொண்டுவந்து முதலில் பலகையைவிட்டு வெளியேற்றுபவருக்கு ஒரு புள்ளி. தோற்றவர் ஒரு காயைக்கூட வெளியேற்றியிருக்காவிட்டால் அது 'கேமன்', இரண்டு புள்ளி. 1920களில் நியூயார்க்கில் இதனுடன் ஒரு கட்டையும் சேர்ந்தது. பகடை உருட்டும் முன் ஒருவர் "டபுள்" கேட்கலாம். எதிராளி மறுத்தால் ஆட்டம் அப்போதைய மதிப்புக்கே கைவிட்டுப் போகும். ஏற்றால் மதிப்பு இரட்டிக்கும். அடுத்து டபுள் கேட்கும் உரிமை ஏற்றவருக்கே.

பணம் வைத்து ஆடுகிறவர்கள், நூற்றுக்கு 25 முறையாவது வெல்லலாம் என்றால் டபுளை ஏற்பார்கள். போட்டி முடிவை நெருங்கும்போது இந்தக் கணக்கு செல்லாது.

ஏழு புள்ளிப் போட்டி, 5–3 என்று வைத்துக்கொள்வோம். பின்னவர் டபுள் கேட்கிறார். மறுத்தால் 5–4, அங்கிருந்து முன்னவர் போட்டியை வெல்லும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். ஏற்று வென்றால் போட்டியே அவருடையது. ஏற்றுச் சாதாரணமாகத் தோற்றால் 5–5, பாதிக்குப் பாதி. கேமனே விழாது என்றால் 20 சதவீத வாய்ப்பிருந்தாலே ஏற்கலாம். ஆனால் இரட்டித்த கேமன் நான்கு புள்ளி. பின்னவருக்குத் தேவையானதும் அதே நான்குதான். தோல்விகளில் நாலில் ஒன்று கேமனாகுமென்றால் முன்னவருக்கு 36 சதவீத வாய்ப்பு வேண்டும். பணத்துக்கு ஆடினால் தயங்காமல் ஏற்கும் நிலையை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. கைக்கு வரும் கட்டையாலும் பயனில்லை: இரண்டு புள்ளியே போதுமென்பவர் எதற்கு மறுபடி இரட்டிப்பார்? அதனால்தான் தாக்குதலுக்கு வழி தெரிந்தவுடன், பணத்துக்கு ஆடினால் கேட்கவே துணியாத கட்டத்தில், பின்னவர் டபுள் கேட்டுவிடலாம்.

முன்னவர் கேட்டால் கதை தலைகீழ். பின்னவர் ஏற்று, உடனே திருப்பி இரட்டிப்பார். எப்படியும் தோற்றால் போட்டி போய்விடும் என்பதால் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. மொத்தப் போட்டியும் அந்த ஒரே ஆட்டத்தில் தொங்கும். கேட்காமலே வென்றால் 6–3, ஏறத்தாழ 83 சதவீதம். தோற்றாலும் 60 மிச்சம். 17 கூடுதலாகப் பெற 60-ஐப் பணயம் வைப்பது, கேமனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 78 சதவீதத்தைத் தாண்டினால்தான் தகும். 83-ஐத் தாண்டினாலோ எதிராளி மறுத்துவிடுவார். இடையில் இருக்கும் சந்து மிகக் குறுகல். பணப் பழக்கத்தில் முன்னவர்கள் அவசரப்பட்டு டபுள் கேட்டுக் கையிலிருந்த முன்னிலையைத் தொலைப்பது இங்கேதான்.

காய் நகர்த்துவதும் மாறும். ஒருவர் முதன்முதலாக 6 புள்ளியைத் தொட்டதும், அடுத்த ஓர் ஆட்டத்தில் யாரும் டபுள் கேட்கக் கூடாது. ஜான் கிராஃபோர்டின் பெயரால் வழங்கும் விதி இது. 6–5 என்ற நிலையில் பின்னவருக்குச் சாதாரண வெற்றி சமநிலையைத் தரும், கேமன் போட்டியையே தரும். தொடக்கத்தில் 6-4 விழுந்தால் மற்ற நேரங்களில் மூன்று நகர்த்தல்கள் கிட்டத்தட்ட சமம்தான். இப்போதோ 8-ஆம், 6-ஆம் கட்டங்களிலிருந்து ஒவ்வொரு காயை இறக்கி 2-ஆம் கட்டத்தை அடைத்துத் தாக்குவதே சரி. அதே 6-4 முன்னவருக்கு விழுந்தால், அவருக்குக் கேமனால் ஒரு லாபமும் இல்லை; பின்னால் நிற்கும் காயைக் கிளப்பித் தப்பிக்கப் பார்ப்பார்.