காய்ச்சல் விட்ட பின்தான் கவனம் தேவை

உங்களுள் பலர் ஊரில் சுகாதாரத் தொண்டர்களாகப் பணியாற்றுகிறீர்கள். டெங்கு பற்றிய கூட்டமொன்றில் திரையில் காட்டிய படங்களின் பிரதியைக் கையில் தந்து, "வீடுகளில் விளக்குங்கள்" என்று சொல்லியனுப்புகிறார்கள் என வைத்துக்கொள்வோம். வைரஸின் 4 வகைகள், நுளம்பின் வாழ்க்கை வட்டம், மாவட்ட வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். அதை எப்படி ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாக்குவது?

முதலில், ஒரு தாய் வீட்டில் செய்யக்கூடியது எது என்று ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கேளுங்கள். வைரஸ் வகையை அறிந்து அவர் எதையும் செய்யப்போவதில்லை, அதை விட்டுவிடுங்கள். ஆனால் "காய்ச்சல் தணியும் கட்டத்தில் குருதித் திரவக் கசிவு" என்ற வரியை விடக் கூடாது. பிள்ளையின் உயிர் அதில்தான் இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்றெண்ணி வீட்டார் ஓய்ந்துவிடுகிறார்கள். உண்மையில், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் குறையும் அந்த வேளையில்தான் ஆபத்து தொடங்குகிறது.

ஆகவே அந்த வரியை இப்படி எழுதுங்கள்:

"காய்ச்சல் விட்டாலும் 2 நாட்கள் பிள்ளையை விட்டு அகலாதீர்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை - இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்."

அதற்கு மேலே, காய்ச்சல் நாட்களுக்குரிய மூன்று வரிகள் போதும். பரசிட்டமோல் மட்டும், வைத்தியர் சொன்ன அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். 3ஆம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமற் போகும்.

இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பிரசுரத்தில் போடாதீர்கள். "இன்னும் அவ்வளவுக்குக் குறையவில்லையே" என்று வீட்டார் காத்திருக்க அது இடங்கொடுக்கும். அந்த எண்ணைப் பார்ப்பது வைத்தியரின் வேலை.

அச்சிடுமுன் அயலில் இரண்டு மூன்று தாய்மாரிடம் வாசித்துக் காட்டுங்கள். "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "நாளைக்கு மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டால் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "குளிக்க வார்த்து பள்ளிக்கூடம் அனுப்புவேன்" என்று பதில் வந்தால், குறை அந்தத் தாயிடமல்ல, உங்கள் வரியிலே இருக்கிறது. அதை மாற்றி எழுதி, மறுபடியும் கேளுங்கள். "பக்கத்திலேயே இருந்து பார்ப்பேன்" என்று அவர் தன் வாயால் சொல்லும்போதுதான் பிரசுரம் அச்சுக்குத் தயார்.